வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுநேரப் படிப்பு: சேமிப்பில் குடும்பம் நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வருடம் வேலையை விட்டுவிட்டுக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கப் போகிறேன். பன்னிரண்டு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் போதுமா?

போதாது. படிப்பு எத்தனை மாதம் என்பதைவிட, கடைசிச் சம்பளம் வந்த நாளுக்கும் அடுத்த சம்பளம் வரும் நாளுக்கும் இடையே எத்தனை மாதம் என்பதே உங்கள் கணக்குக்குத் தேவையான எண். இந்த இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கிளம்பியவர்கள்தான் பத்தாவது மாதத்தில் நகையை அடகு வைப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

2024ஆம் ஆண்டின் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல்நிலைத் தேர்வு ஜூன் 16 அன்று நடந்தது. முதன்மைத் தேர்வு செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. நேர்முகத் தேர்வுகள் எல்லாம் முடிந்து இறுதி முடிவு வெளியானது 2025 ஏப்ரல் 22 அன்று. தேர்வு தொடங்கிய நாளிலிருந்து முடிவு வரும் வரைக்குமே பத்து மாதம் ஆகிவிட்டது. அதற்கு முந்தைய படிப்புக் காலம் இதில் சேரவில்லை. வெற்றி பெறுபவருக்கே இந்த நிலை. முதல்நிலையிலேயே தேர்ச்சி பெறாதவர் அன்றிலிருந்து வேலை தேட வேண்டும். அழைப்பு, நேர்காணல், பணி ஆணை, சேரும் நாள், அதற்குப் பிறகு வரும் மாத இறுதி என்று மேலும் மூன்று நான்கு மாதங்கள் போகும். ஆகவே ஓராண்டுப் படிப்பு என்று முடிவு செய்பவர் பதினெட்டு மாதத்துக்குக் கணக்குப் போடுவதே சரி. முதன்மைத் தேர்வு வரை போனால் வீட்டில் வேறொருவர் சம்பாத்தியம் தாங்குமா என்பதைத் தனியாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு மாதம் நாற்பதாயிரம்தான் ஆகிறது. அதைப் பதினெட்டால் பெருக்கினால் சரிதானே?

அந்த நாற்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். நினைவிலிருந்து சொல்லும் தொகையில் வாடகை, மளிகை, பால், எரிவாயு, கைப்பேசி ஆகியவை இருக்கும். வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வருபவை இருக்காது. கடந்த பன்னிரண்டு மாத வங்கிப் பட்டியலை இறக்கி, வீட்டில் எல்லார் கணக்கிலிருந்தும் வெளியே போன ஒவ்வொரு தொகையையும் படித்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடிக்கும். ஆனாலும் செய்யுங்கள்.

அப்படிப் படிக்கும்போதும் தப்பிவிடுவது மொய். திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று போகும் தொகை பெரும்பாலும் ரொக்கமாகப் போவதால், வங்கிப் பட்டியலில் அது வெறும் ஏ.டி.எம். எடுப்பாகவே தெரியும். உங்கள் திருமணத்தின் மொய் நோட்டை எடுத்து, அதில் எழுதியவர்கள் வீட்டில் அடுத்த ஒன்றரை ஆண்டில் என்னென்ன விசேஷங்கள் வரும் என்று அம்மாவிடமோ மாமியாரிடமோ கேட்டால் அவர்கள் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். சம்பளம் இல்லை என்பதற்காக வந்த மொய்யைத் திருப்பிச் செய்யாமல் இருக்க நம் குடும்பங்களில் யாரும் சம்மதிப்பதில்லை. ஆகவே அதைச் செலவாகவே எழுதுங்கள்.

இன்னொன்று: ஆண்டுச் செலவைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவோடு சேர்க்காதீர்கள். பதினெட்டு மாதத்தில் எந்தத் தேதிகள் விழுகின்றன என்று நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். மே மாதம் தொடங்கினால் பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் இரண்டு முறை வரும். ஒன்றரை மடங்கு எடுத்து வைத்தவருக்கு அங்கே துண்டு விழும்.

ஒரு குடும்பத்தின் கணக்கை முழுதாகக் காட்ட முடியுமா?

நண்பர் ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். தாம்பரம் பக்கத்தில் வாடகை வீடு. அவருக்குக் கைக்கு வந்த சம்பளம் 62,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 20,000 ரூபாய். பள்ளிக்குப் போகும் மகள் ஒருத்தி. 2023 மே இறுதியில் கையில் 6,10,000 ரூபாய் சேமிப்போடு என்னிடம் வந்தார். மாதம் இருபதாயிரம்தான் இடிக்கும், ஒரு வருடத்துக்கு இரண்டரை லட்சம் ஆகும், மீதி அப்படியே இருக்கும் என்பது அவர் எண்ணம்.

மாதச் செலவில் அவர் தவறவில்லை. வாடகை 14,000, மளிகை, காய்கறி, பால், எரிவாயு 13,500, மின்சாரம், இணையம், கைப்பேசி 2,500, பெட்ரோல் 1,500, ஊரில் பெற்றோருக்கு 5,000, மற்றவை 4,000 என்று 40,500 ரூபாய் வந்தது. மனைவியின் சம்பளம் போக 20,500 ரூபாய்தான் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. பதினெட்டு மாதத்துக்கு 3,69,000 ரூபாய்.

தேதி வைத்து வரும் செலவுகளில்தான் கணக்கு மாறியது. இரண்டு பள்ளிக் கட்டணம் 96,000, இரண்டு ஆண்டு மருத்துவக் காப்பீடு 48,000, டெர்ம் பாலிசி 14,000, வண்டிக் காப்பீடு 3,000, இரண்டு தீபாவளியும் ஒரு பொங்கலும் 48,000, மொய்யும் அதற்கான பயணங்களும் 54,000, பல் மருத்துவம், மடிக்கணினி பழுது போன்றவற்றுக்கு 37,000. மொத்தம் சரியாக மூன்று லட்சம். இவற்றோடு புத்தகங்களுக்கும் மாதிரித் தேர்வுகளுக்கும் 40,000, தொடவே கூடாத அவசரத் தொகை ஒரு லட்சம் ஆகியவற்றைச் சேர்த்தால் தேவை 8,09,000 ரூபாய்.

அவரிடம் ஒரு தனிநபர் கடனும் பாக்கி இருந்தது. அதை அடைக்க 68,000 போனால் சேமிப்பு 5,42,000 ஆகிவிடும். துண்டு 2,67,000. கடன் அடைந்த பிறகு இரண்டு சம்பளத்திலும் மாதம் 24,500 மிச்சம் பிடிக்க முடிந்ததால், இன்னும் பதினோரு மாதம் வேலையில் இருக்க வேண்டும் என்று வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பதினோரு மாதமும் விடியற்காலையில் எழுந்து அடிப்படைப் பாடங்களை முடித்துக்கொண்டு, 2024 ஏப்ரல் இறுதியில் விலகினார். ஆறு லட்சத்தோடு அன்றே விலகியிருந்தால் முதல்நிலைத் தேர்வுக்கு முன்பே அவர் கடன் கேட்டு அலைந்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது? மியூச்சுவல் ஃபண்டில் இருந்தால் வளருமே?

எந்த மாதத்தில் செலவாகும் என்று தெரிந்த பணத்தைப் பங்குச் சந்தையில் வைக்கக் கூடாது. சந்தை இறங்கும் மாதத்திலும் வீட்டு வாடகை கொடுத்தாக வேண்டும். அப்போது நட்டத்தில் விற்க நேரும். பங்கு சார்ந்த ஃபண்டுகளில் இருப்பதை விலகுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிடுவது நல்லது.

நண்பர் செய்தது எளிமையானது. மாதச் செலவுக்கான 3,69,000 ரூபாயை மூன்று மாதத்துக்கு 61,500 வீதம் ஆறு பங்காகப் பிரித்தார். முதல் பங்கு சேமிப்புக் கணக்கில் இருந்தது. மீதி ஐந்தும் 3, 6, 9, 12, 15 மாதங்களில் முதிரும் ஐந்து வைப்புத் தொகைகளாயின. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி 20,500 ரூபாய் தானாகவே மனைவியின் கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தார். அதனால் குடும்பத்துக்குச் சம்பளம் வருவது போலவே மாதம் நடந்தது. தேதிச் செலவுக்கான மூன்று லட்சமும் அவசரத் தொகையும் வேறொரு வங்கியில், வேண்டும்போது உடைத்துக்கொள்ளும் வைப்பாக இருந்தன. ஒரே பெரிய வைப்பாகப் போட்டு நடுவில் உடைத்தால் வட்டியில் பிடித்தம் உண்டு என்பதால்தான் இந்தப் பிரிப்பு. வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் என்பதாலும் இரண்டு வங்கிகளாகப் பிரிப்பது பொருத்தம்.

சம்பளக் கணக்கை மறந்துவிடாதீர்கள். சில மாதங்கள் சம்பளம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றும். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் அபராதம் பிடிக்கும் வங்கிகளும் உண்டு.

பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு செய்யலாமா?

எடுக்காமல் இருக்க முடிந்தால் எடுக்காதீர்கள். வேலையை விட்டதாலேயே பி.எஃப். கணக்குக்கு வட்டி நின்றுவிடாது. இளம் வயதில் விலகியவருக்கு அது தொடர்ந்து வட்டி ஈட்டும். தொடர்ச்சியான பணி ஐந்தாண்டு நிறைவதற்குள் எடுத்தால் அந்தத் தொகை வரிக்கு உட்படும். பழைய கம்பெனியின் பி.எஃப். புதிய கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தால் அந்தப் பணிக்காலமும் ஐந்தாண்டில் சேரும். மாற்றாமல் விட்டவர்கள் இப்போதாவது மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியப் பகுதிக்குப் பத்தாண்டுப் பணி தேவை. அதை இடையில் எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும்.

வேலையில்லாத நிலையில் எவ்வளவு எடுக்கலாம், எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதிகளை மாற்ற 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ஆகவே நண்பர்கள் தங்கள் பழைய அனுபவத்தைச் சொல்வதை நம்பாமல், விலகும் காலத்தில் பி.எஃப். இணையதளத்தில் உள்ளதையே பாருங்கள். கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்; அந்தத் தேதி ஏறாமல் கணக்கை முடித்துப் பணம் எடுக்கும் விண்ணப்பம் நகராது. என்னைக் கேட்டால், பி.எஃப். இருப்பைத் திட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

கம்பெனி மருத்துவக் காப்பீடு எப்போது முடியும்?

பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். நான் விலகியபோது இதைக் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு இறுதிவரை அட்டை செல்லும் என்று நினைத்திருந்தேன். பத்தொன்பதாவது நாள் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று மருத்துவமனையில் சேர்த்தோம். அட்டையை வாங்கிப் பார்த்த பெண், அதைத் திருப்பித் தந்து, இந்தப் பாலிசியில் உங்கள் பெயர் இல்லையே என்றார். எட்டு மாதச் செலவுக்கு வைத்திருந்த பணத்தில் மூன்று மாதச் செலவு ஒரே வாரத்தில் போய்விட்டது.

ஆகவே சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே குடும்பத்துக்குத் தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள். புதிய பாலிசியில் விபத்தைத் தவிர வேறு சிகிச்சைக்கு முதல் 30 நாள் பணம் தர மாட்டார்கள். குறிப்பிட்ட சில அறுவை சிகிச்சைகளுக்கும் முன்பே இருக்கும் நோய்களுக்கும் காத்திருப்பு ஆண்டுக் கணக்கில் உண்டு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. கம்பெனி பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறினால், அதுவரை காத்திருந்த காலத்தைக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. இதை விலகல் கடிதம் கொடுத்த வாரத்திலேயே மனிதவளத் துறையில் கேளுங்கள்; கடைசி நாளுக்குப் பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். நல்ல செய்தி ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

கடனும் சீட்டும் இருக்கிறதே, அவற்றை என்ன செய்வது?

தனிநபர் கடனையும் கடன் அட்டை பாக்கியையும் விலகுவதற்கு முன் அடைத்துவிடுங்கள். வைப்புத் தொகைக்கு வரும் வட்டியைவிட அவற்றுக்குக் கட்டும் வட்டி மிக அதிகம். சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தவணையைக் கட்டுவதில் லாபமே இல்லை. வீட்டுக் கடன் அப்படியல்ல. அதை அடைக்க முயன்று கையிருப்பைத் தீர்த்துவிடக் கூடாது. பதினெட்டு மாதத் தவணையையும் மாதச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால் மீதித் தவணை கடன்தான், அதுவும் மாதச் செலவில் ஏறும். இன்னும் எடுக்கவில்லை என்றால், முடியும் மாதம் எது என்று பாருங்கள். படிப்புக் காலத்தின் நடுவில் முடிவது ஒருவகையில் வசதிதான், ஆனால் அதுவரை கட்டப் பணம் வேண்டும்.

சம்பளம் நின்ற பிறகு வங்கியில் புதிய கடன் கிடைப்பது அரிது. அப்போது கைகொடுப்பது நகைக்கடன் ஒன்றே. அதனால்தான் நகையைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே எண்ணிக்கையில் சேர்க்காமல், அவசரத் தொகையும் தீர்ந்தால் மட்டும் என்று ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன்.

எந்த மாதத்தில் விலகினால் நல்லது?

தேர்வுத் தேதியும் பள்ளி ஆண்டும்தான் இதை முதலில் முடிவு செய்யும். நல்ல சம்பளம் வாங்குபவர்களுக்கு வருமான வரி ஆண்டும் சிறிது உதவும். ஆண்டுக்கு 18 லட்சம் சம்பளம் வாங்குபவருக்குக் கம்பெனி ஆண்டு முழுவதற்குமான வரியைக் கணித்து மாதம் ஏறத்தாழ 12,500 பிடிக்கும். அவர் செப்டம்பர் இறுதியில் விலகினால் அந்த நிதியாண்டின் சம்பளம் 9 லட்சம்தான். வேறு வருமானம் பெரிதாக இல்லையென்றால், 2025-26 முதல் உள்ள புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், பிடித்த சுமார் 75,000 ரூபாயும் கணக்குத் தாக்கல் செய்த பிறகு திரும்பி வரும். ஆனால் அது அடுத்த ஆண்டில் வரும் பணம். முதல் ஆறு மாதச் செலவுக்கு நம்பக் கூடாது.

கம்பெனியிடமிருந்து கடைசியாக வர வேண்டிய தொகையையும் அப்படியே பாருங்கள். சேரும்போது தந்த போனஸைத் திருப்பித் தர வேண்டிய நிபந்தனை உண்டா, அறிவிப்புக் காலத்தில் குறைந்த நாளுக்குப் பிடித்தம் உண்டா என்று பணி ஆணையைப் படித்துவிட்டுத் தேதி சொல்லுங்கள். ஐந்தாண்டு நிறையச் சில மாதங்களே இருந்தால் பணிக்கொடைக்காகக் காத்திருப்பது பயனுள்ளது. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படி இருந்தால் அதையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கினால் அந்தத் தொகை ஏறத்தாழத் தெரியும்.

செலவு கட்டுக்குள் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்போது படிப்பை நிறுத்திவிட்டு வேலை தேட வேண்டும்?

விலகும் நாளிலேயே ஒரு தாளில் பதினெட்டு மாத இறுதிக்கும் எவ்வளவு இருப்பு இருக்க வேண்டும் என்று எழுதி, அதன் பக்கத்தில் உண்மையான இருப்பை மாதாமாதம் எழுதுங்கள். அன்றாடச் செலவைப் பைசா பைசாவாக எழுத வேண்டாம். படிப்பவருக்கு அது தொல்லை, இரண்டு மாதத்தில் கைவிட்டும்விடுவார். இருப்பு திட்டத்தைவிட ஒரு மாதச் செலவு அளவுக்குக் குறைந்தால் மட்டும் காரணத்தைத் தேடுங்கள்.

நண்பருக்கு மூன்றாவது மாதத்திலேயே அது குறையத் தொடங்கியது. பகல் முழுவதும் வீட்டில் ஏ.சி. ஓடியதில், முன்பு இரண்டு மாதத்துக்கு 900 ரூபாய் வந்த மின் கட்டணம் 2,300 ரூபாய் ஆகியிருந்தது. யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறுவதால் பகல்நேர ஏ.சி. நினைத்ததைவிட அதிகமாக இழுக்கும். அவர் பகலில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் படிக்கத் தொடங்கினார். அங்கே சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் இடம் உண்டு.

உதவித்தொகைக்கும் முயலலாம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில், நுழைவுத் தேர்வு மூலம் தேர்ந்தெடுக்கப்படும் ஆயிரம் பேருக்கு யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தயாரிப்புக்காக மாதம் 7,500 ரூபாய் பத்து மாதத்துக்குத் தருகிறார்கள். முதல்நிலையில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய். கிடைத்தால் நல்லது. ஆனால் தேர்வாகும் முன் அதைத் திட்டத்தில் எழுதாதீர்கள்.

வேலை தேடத் தொடங்க வேண்டிய இடத்தைப் பணத்தை வைத்து முன்பே குறித்துவிட வேண்டும். ஆறு மாதச் செலவும் அந்த ஆறு மாதத்துக்கான தேதிச் செலவும் மட்டுமே மிச்சம் என்ற நிலை வந்தால், அன்றிலிருந்து விண்ணப்பம் அனுப்ப வேண்டும். படிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அப்போது யோசித்தால், இன்னும் ஒரே ஒரு மாதம் என்றுதான் மனம் சொல்லும். அதனால் இந்த எல்லையை நண்பரும் அவர் மனைவியும் சேர்ந்து முன்பே முடிவு செய்து நாட்காட்டியில் எழுதியிருந்தார்கள்: 2025 மே.

2025 மே 25 அன்று முதல்நிலைத் தேர்வு நடந்தது. ஜூன் 11 அன்று முடிவு வந்தது. அவர் பெயர் அதில் இல்லை. மே மாதக் கடைசி வாரத்திலேயே விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்கியிருந்தார். ஆகஸ்டில் பணி ஆணை கிடைத்து, செப்டம்பர் 22 அன்று சேர்ந்தார். அந்த நிறுவனத்தில் மாதத்தின் 20ஆம் தேதிக்குப் பிறகு சேர்பவர்களுக்கு அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துத்தான் தருவார்கள் என்பதால், முதல் சம்பளம் அக்டோபர் இறுதியில், தீபாவளி கழிந்து வந்தது. அது பதினெட்டாவது மாதம். அவசரத் தொகையான ஒரு லட்சத்தில், அப்பாவின் கை முறிவுக்கான சிகிச்சைக்குப் போக 38,000 ரூபாய் மீதி இருந்தது. நகை வீட்டிலேயே இருந்தது.